சீனியருக்கு எழுதிய செய்தியைத் திருத்துவது எப்படி: நீ, நீங்கள், அப்புறம் வினைமுடிவு

தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசிப் பழகியவர்கள் இங்கே ஓர் அலுவலகத்தில் சேர்ந்ததும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவர்கள் அதிகம் பேசிய தமிழ் அம்மாவோடு பேசிய தமிழ். நம் வீடுகளில் பலரும் அம்மாவை ‘நீ’ என்றுதான் அழைக்கிறோம். அந்த ‘நீ’ பாசம். அதே தமிழில் மூத்த சக ஊழியருக்குச் செய்தி எழுதும்போது ‘அனுப்பு’, ‘பார்த்தியா’ என்று வந்துவிடுகிறது. இங்கேயே வளர்ந்த இளைஞர்களுக்கும் இது நடக்கிறது. நாள் முழுக்க நண்பர்களுக்கு எழுதிய கை, சீனியருக்கும் அதே வேகத்தில் எழுதிவிடுகிறது.

நான் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்கள் அனுப்புவதற்கு முன்னால் செய்தியை என்னிடம் காட்டுவது வழக்கம். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதலில் மனதில் வருகிறபடி எழுதிவிடுங்கள், மரியாதையை அப்புறம் திருத்திக்கொள்ளலாம். எழுதும்போதே இரண்டையும் கவனித்தால் சொல்ல வந்த விஷயம் கலைந்துவிடும். அப்படித் திருத்தும்போது நான் போகிற வரிசையை இங்கே ஒரு செய்தியை வைத்துக் காட்டுகிறேன். அடிக்கடி பார்க்கிற தவறுகள் எல்லாம் வரும்படி நானே எழுதிய செய்தி இது.

> நேத்து அனுப்பின ஃபைலை இன்னும் பார்க்கலையா? நீ சொன்ன மாதிரி பில் எல்லாம் சேர்த்துட்டேன். போன மாசப் பட்டியல் உன்கிட்ட இருந்தா அனுப்பு. நாம ஒரு எண்ணைத் தப்பா போட்டிருக்கோம்னு நினைக்கிறேன். 20ஆம் தேதிக்குள்ள ரிட்டர்ன் போடணும், மறந்துடாதே. மில் ஓனர் காலையில இருந்து போன் பண்றான். மேடம் எப்ப வருவா?

முதலில் படியைத் தீர்மானியுங்கள்

மூத்தவருக்கு எழுத மூன்று படிகள் உண்டு: நீங்க, நீங்கள், தாங்கள். ‘நீங்க’ பேச்சு, ‘நீங்கள்’ எழுத்து. மரியாதையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. வாட்ஸ்அப்பில் தினமும் பேசும் சீனியருக்கு ‘நீங்க’ போதும், மின்னஞ்சலுக்கு ‘நீங்கள்’. ‘தாங்கள்’ விண்ணப்பம், அழைப்பிதழ், அரசு அலுவலகக் கடிதம் ஆகியவற்றுக்கு உரியது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ‘தாங்கள்’ என்று எழுதினால், “என்னப்பா, கோபமா?” என்று கேட்பார். அவ்வளவு தூரத்தை அந்தச் சொல் உண்டாக்கும்.

எந்தப் படி என்பதை விட, செய்தி முழுக்க ஒரே படியில் இருப்பதுதான் முக்கியம். ‘தாங்கள் அனுப்புங்க’ என்பது மேலே பட்டு வேட்டியும் கீழே ரப்பர் செருப்புமாக நிற்பது போல. ‘தாங்கள்’ என்று தொடங்கினால் ‘தங்களிடம்’, ‘தங்களுக்கு’ என்றே போக வேண்டும். அதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. “ஊழியர்கள் தங்கள் பட்டியலை அனுப்பிவிட்டார்கள்” என்று எழுதினால், அது சீனியருடைய பட்டியலா, ஊழியர்களுடைய பட்டியலா என்று தெரியாது. ‘உங்கள்’ என்றால் இந்தக் குழப்பமே வராது. புதியவர்கள் ‘தாங்கள்’ பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

அழைக்கும் சொல் அந்தந்த அலுவலகத்தைப் பொறுத்தது. பல தனியார் அலுவலகங்களில் சார், மேடம் என்பார்கள். அரசு அலுவலகக் கடிதங்களில் ஐயா, அம்மா. ஐ.டி. கம்பெனிகளில் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள், ஆனால் பெயருக்குப் பின்னால் வருவது ‘நீங்க’தான். பெயர் சொல்லலாம் என்ற அனுமதியை ‘நீ’ சொல்லலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் செய்தி வாட்ஸ்அப்பில் சாருக்குப் போகிறது. அதனால் ‘நீங்க’ என்று வைத்துக்கொள்வோம்.

‘நீ’யைத் தேடாதீர்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்

புதியவர்கள் முதலில் செய்வது ‘நீ’, ‘உன்’ எங்கே இருக்கிறது என்று தேடி மாற்றுவது. இந்தச் செய்தியில் அப்படிச் செய்தால் இரண்டு இடம் மட்டும் மாறும்: ‘நீங்க சொன்ன மாதிரி’, ‘உங்ககிட்ட இருந்தா’. ஆனால் ‘அனுப்பு’, ‘மறந்துடாதே’ இரண்டும் அப்படியே நிற்கும். தமிழில் ‘நீ’ என்று எழுதாமலே ‘நீ’ என்று சொல்லிவிடலாம், வினைமுடிவே அதைச் சொல்லிவிடும். ‘உங்ககிட்ட இருந்தா அனுப்பு’ என்று பாதி திருத்திய வாக்கியம், திருத்தாததை விட மோசமாகக் காதில் விழுகிறது.

அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசியிலிருந்து பாருங்கள். மாற வேண்டியது பெரும்பாலும் வாக்கியத்தை முடிக்கும் வினைதான். நடுவில் வரும் ‘சொன்ன’, ‘அனுப்பின’, ‘இருந்தா’, ‘பார்த்து’ போன்றவை யாருக்கு எழுதினாலும் மாறாது. ‘நீ சொன்ன மாதிரி’, ‘நீங்க சொன்ன மாதிரி’ இரண்டிலும் ‘சொன்ன’ ஒன்றுதான். இது தெரிந்தால் பாதி வேலை குறைந்துவிடும்.

முடிக்கும் வினையில் மாற்றம் எளிது. எழுத்துத் தமிழில் ‘ஆய்’ என்று முடிவது ‘ஈர்கள்’ ஆகும்: பார்த்தாய், பார்க்கிறாய், பார்ப்பாய் என்பவை பார்த்தீர்கள், பார்க்கிறீர்கள், பார்ப்பீர்கள். காலம் எதுவானாலும் முடிவு ஒன்றே. பேச்சில் ‘பார்த்தியா’ என்பது ‘பார்த்தீங்களா’, ‘எப்ப வருவே’ என்பது ‘எப்ப வருவீங்க’. ‘தாங்கள்’ வந்தாலும் இதே ‘ஈர்கள்’தான். ‘தாங்கள் அனுப்பினார்கள்’ என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். ‘தாங்கள் அனுப்பினீர்கள்’ என்பதுதான் சரி. எழுத்துப்பிழையையும் கவனியுங்கள்: ‘பார்த்திர்கள்’ அல்ல, நெடில் போட்டு ‘பார்த்தீர்கள்’.

‘பார்த்தீர்’ என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. யாழ்ப்பாணப் பேச்சில் ‘நீர்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. அது ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவில் நிற்கும் சொல். நண்பர்களிடமும் இளையவர்களிடமும் சொல்லலாம், மூத்தவருக்குப் போதாது.

ஏவல் வினைதான் அதிகம் உறுத்தும்

‘அனுப்பு’ என்பதை ‘அனுப்புங்க’ ஆக்கினால் இலக்கணத்தில் மரியாதை வந்துவிட்டது. எழுத்தில் ‘அனுப்புங்கள்’. சொல், பார், எழுது எல்லாம் இதே வழியில் போகும்: சொல்லுங்கள், பாருங்கள், எழுதுங்கள். வா, தா இரண்டில் மட்டும் கவனம் தேவை. பேச்சில் ‘வாங்க’, ‘தாங்க’ என்கிறோம். ‘நீங்க’ என்பது ‘நீங்கள்’ ஆகிறதே என்று இவற்றையும் ‘வாங்கள்’, ‘தாங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். எழுத்தில் அவை ‘வாருங்கள்’, ‘தாருங்கள்’. “அந்தப் பட்டியலைத் தாங்கள்” என்று ஒருவர் எழுதிக்கொண்டுவந்தார். வாக்கியம் அதோடு முடிந்துவிட்டது. படிப்பவர் மீதி வாக்கியத்தைத் தேடுவார்.

சரி, ‘அனுப்புங்க’ சரியான சொல்தான். ஆனாலும் அது கட்டளை. ‘உட்காருங்க’, ‘சாப்பிடுங்க’, ‘சொல்லுங்க சார்’ என்று அவருடைய நன்மைக்காகவோ உபசரிப்பாகவோ சொல்லும்போது அது இனிமையாக இருக்கும். நமக்கு ஒரு வேலை ஆக வேண்டும் என்று கேட்கும்போது, வயதிலும் பதவியிலும் மூத்தவரிடம் அது கொஞ்சம் நீட்டி நிற்கும். அங்கே கேள்வியாக மாற்றுவதுதான் நம் வழக்கம். பேச்சுநடையில் ‘கொஞ்சம் அனுப்புறீங்களா?’ என்றால் போதும். அந்தக் ‘கொஞ்சம்’ அளவைக் குறிக்காது, கேட்பதை மென்மையாக்கும். இதை அப்படியே எழுத்துநடைக்குக் கொண்டுபோனால் ‘அனுப்புகிறீர்களா?’ என்று ஆகி, அனுப்பும் எண்ணம் உண்டா இல்லையா என்று விசாரிப்பது போல இருக்கும். அதனால் எழுத்தில் ‘அனுப்ப முடியுமா?’ அல்லது ‘அனுப்பினால் உதவியாக இருக்கும்’ என்று எழுதுங்கள்.

மரியாதை என்று நினைத்துக்கொண்டு இரண்டு சொற்களைப் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்று ‘அனுப்பவும்’. இது அறிவிப்புப் பலகையின் மொழி: ‘காலணிகளை வெளியே விடவும்’. அதில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்கள்’ளும் இல்லை, முகமே இல்லை. மேலிருந்து கீழே வரும் சுற்றறிக்கையில் பொருந்தும், கீழிருந்து மேலே போகும் செய்தியில் உத்தரவு போலத் தொனிக்கும். மற்றொன்று ‘தயவுசெய்து’. இதை ஒரு முறை எழுதினால் தவறில்லை. ஆனால் தினமும் பேசும் ஒருவருக்கு ‘தயவுசெய்து அனுப்புங்கள்’ என்று எழுதினால், பல முறை கேட்டு அலுத்துப்போனவர் சொல்வது போல இருக்கும். ‘கொஞ்சம்’ செய்கிற வேலையை ‘தயவுசெய்து’ செய்யாது.

‘மறந்துடாதே’யை ‘மறந்துடாதீங்க’ ஆக்கலாம், எழுத்தில் ‘மறந்துவிடாதீர்கள்’. முடிவு சரியாகிவிட்டது, ஆனால் விஷயம் இன்னும் சரியாகவில்லை. நீங்கள் மறக்கக்கூடியவர் என்று சீனியரிடம் சொல்கிறோம். இங்கே வினையைத் திருத்துவதை விட, ஆளையே வாக்கியத்திலிருந்து எடுத்துவிடுவது நல்லது: ‘ரிட்டர்னுக்கு 20ஆம் தேதி கடைசி நாள், ஞாபகத்துக்குச் சொல்றேன் சார்.’ தேதியும் சொன்னதாயிற்று, யாரையும் குற்றம் சொன்னதாகவும் ஆகவில்லை.

முடிவு மாறாத வினைகள்

இந்த இடத்தில்தான் கவனமாகத் திருத்துபவர்களும் ஏமாந்துபோகிறார்கள். இல்லை, வேண்டும், முடியும், தெரியும் போன்ற வினைகளுக்கு ஆளைக் காட்டும் முடிவே கிடையாது. ‘நீ பார்க்கவில்லை’, ‘நீங்கள் பார்க்கவில்லை’ இரண்டிலும் வினை ஒன்றுதான். நம் செய்தியின் முதல் வாக்கியமான ‘இன்னும் பார்க்கலையா?’வில் ‘நீ’யும் இல்லை, ‘நீ’க்கான முடிவும் இல்லை. இலக்கணப்படி திருத்த அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் மொத்தச் செய்தியில் சீனியரைச் சுடக்கூடிய முதல் வாக்கியம் அதுதான். ‘இன்னும்’, ‘இல்லையா’ இரண்டும் சேர்ந்தால், ஏன் செய்யவில்லை என்று மேலதிகாரி கேட்பது போல ஆகிவிடும். முன்னால் ஒரு ‘நீங்க’ சேர்த்தால் குற்றச்சாட்டு இன்னும் கூர்மையாகும்.

இங்கே நான் செய்வது எழுவாயை மாற்றுவது. ‘பார்க்க நேரம் கிடைச்சுதா சார்?’ என்று கேட்டால், கிடைத்ததா கிடைக்கவில்லையா என்பது நேரத்தைப் பற்றிய கேள்வி. பார்க்காதது அவருடைய குறை என்று ஆகாது. “இல்லப்பா, நேரமே கிடைக்கலை” என்று அவரும் சங்கடமில்லாமல் பதில் சொல்லலாம்.

‘வேண்டும்’ என்பதையும் இதே கண்ணால் பாருங்கள். ‘நீங்கள் இன்றே கையெழுத்துப் போட வேண்டும்’ என்பதில் ‘நீங்கள்’ மரியாதையானது, வாக்கியம் கட்டாயப்படுத்துகிறது. ‘இன்றைக்குள் உங்கள் கையெழுத்து கிடைத்தால் நாளை தாக்கல் செய்துவிடலாம்’ என்று எழுதினால் அவசரமும் புரியும், அதற்கான காரணமும் புரியும்.

‘ஆச்சு’ என்று முடிப்பது இன்னொரு வழி. நீயா நீங்களா என்று முடிவெடுக்க முடியாதவர்கள் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டுத் தப்பித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வேலையைச் சொல்ல அது அருமையானது: ‘சேர்த்தாச்சு சார்’, ‘அனுப்பியாச்சு சார்’. ஆனால் அவருடைய வேலையைப் பற்றி ‘பார்த்தாச்சா?’ என்று கேட்காதீர்கள், அது மேற்பார்வை பார்ப்பது போல இருக்கும்.

நாம், நாங்கள்

வெளியே வளர்ந்தவர்கள் பலருக்கு இந்த வேறுபாடு காதிலேயே பதிந்திருக்காது. ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. ‘நாங்கள்’ என்றால் அவர் சேர்த்தி இல்லை. ‘நாம ஒரு எண்ணைத் தப்பா போட்டிருக்கோம்’ என்றால் அந்தத் தவறில் சீனியருக்கும் பங்கு கொடுத்துவிட்டோம். எண்ணைப் போட்டது நீங்கள் மட்டும் என்றால் ‘நான் தப்பா போட்டிருக்கேன்’, உங்கள் குழு என்றால் ‘நாங்க தப்பா போட்டிருக்கோம்’. அவரே போட்டிருந்தால்? அப்போதும் ‘நீங்க தப்பா போட்டிருக்கீங்க’ வேண்டாம். ‘ஏழாவது வரியில ஒரு எண் பில்லோட ஒத்துப்போகலை, கொஞ்சம் பார்க்கிறீங்களா?’ என்று எண்ணைக் காட்டிவிடுங்கள்.

வேலையைப் பிரிக்கும்போதும் இது வரும். ‘நாம நாளைக்கு மில்லுக்குப் போறோம்’ என்று எழுதினால், அவரும் வருகிறார் என்று நீங்களே முடிவு செய்துவிட்டதாக ஆகும். ‘நாங்க போறோம்’ என்றால், நீங்கள் வரத் தேவையில்லை என்று அவர் புரிந்துகொள்வார். இரண்டில் எதைச் சொல்ல வந்தீர்கள் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். இதைக் கவனிக்காமல் எழுதிய ஒரு செய்தியால், சீனியர் ஒருவர் தனக்குத் தெரியாமல் பயணத்தை முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைத்து வருத்தப்பட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். எழுதியவரின் மனதில் அப்படி எதுவுமே இல்லை.

அங்கே இல்லாதவர்களைப் பற்றி எழுதும்போது ‘ஆர்’ என்று முடியுங்கள். மில் உரிமையாளர் எத்தனை முறை போன் செய்து நச்சரித்தாலும் ‘பண்றார்’தான். அவரை ‘பண்றான்’ என்று எழுதினால், படிக்கும் சீனியருக்கும் அது மரியாதைக் குறைவு. பெண்களைப் பற்றி எழுதும்போது பேச்சும் எழுத்தும் பிரிகின்றன. பேச்சில் ‘அவங்க வருவாங்க’, எழுத்தில் ‘அவர் வருவார்’. ஆணுக்கும் பெண்ணுக்கும் எழுத்தில் ‘அவர்’ பொது. ‘மேடம் வருவா’, ‘மேடம் வருவாள்’ இரண்டும் அலுவலகச் செய்தியில் வரவே கூடாது. மரியாதைக்காக வினையைப் பன்மையாக்கலாம், பெயர்ச்சொல்லைப் பன்மையாக்கக் கூடாது. ‘நீங்கள்தான் இதற்குப் பொறுப்பாளர்’ என்பது சரி. ‘பொறுப்பாளர்கள்’ என்றால் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள்.

இவ்வளவும் செய்தபின் நம் செய்தி இப்படி இருக்கும்:

> வணக்கம் சார். நேத்து அனுப்பின ஃபைலைப் பார்க்க நேரம் கிடைச்சுதா? நீங்க சொன்ன மாதிரி பில் எல்லாம் சேர்த்துட்டேன். ஒரு எண்ணை நான் தப்பா போட்டிருக்கேன்னு நினைக்கிறேன். போன மாசப் பட்டியல் உங்ககிட்ட இருந்தா கொஞ்சம் அனுப்புறீங்களா? ஒத்துப் பார்த்துடறேன். ரிட்டர்னுக்கு 20ஆம் தேதி கடைசி நாள், ஞாபகத்துக்குச் சொல்றேன். மில் ஓனர் காலையில இருந்து போன் பண்றார். மேடம் எப்ப வருவாங்க?

ஒரு வரி இடம் மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தவறைச் சொன்னபின் பட்டியலைக் கேட்டால், அது எதற்கு என்று அவருக்கே தெரிந்துவிடும். இதே செய்தி மின்னஞ்சலில் போனால் ‘பார்க்க நேரம் கிடைத்ததா?’, ‘நீங்கள் சொன்னபடி’, ‘உங்களிடம் இருந்தால் அனுப்ப முடியுமா?’, ‘மேடம் எப்போது வருவார்?’ என்று ஆகும்.

அனுப்புவதற்கு முன் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ‘சார்’ சேர்த்துப் படித்துப் பாருங்கள். ‘அனுப்பு சார்’, ‘மறந்துடாதே சார்’ என்று வந்தால் நாக்கே நின்றுவிடும். கண்ணுக்குத் தப்பியது காதில் மாட்டும். ஆனால் ‘இன்னும் பார்க்கலையா சார்’ என்பது இந்தச் சோதனையில் தேறிவிடும். அதனால் இல்லை, வேண்டும் என்று முடியும் வாக்கியங்களை மட்டும் தனியாக இன்னொரு முறை பாருங்கள்.

பதில் வரும்போது அவர் உங்களை ‘நீ’ என்று எழுதலாம். இளையவரிடம் அது இயல்பு, உரிமையோடு சொல்வதும் உண்டு. அதைப் பார்த்து நீங்களும் இறங்கிவர வேண்டாம். சுருக்கமாகப் பதில் எழுதும்போது கோயம்புத்தூர்ப் பக்கத்து ‘ங்க’ மிகவும் உதவும். முடிவு மாறாத வினைகளோடும், உங்களைப் பற்றிய வினைகளோடும் கூட அது ஒட்டிக்கொள்ளும்: இல்லைங்க, தெரியாதுங்க, வரேங்க. வெறும் ‘சரி’ என்று அனுப்பினால் கதவைச் சாத்துவது போல இருக்கும். “பார்த்துட்டேன்பா, பட்டியல் மெயில்ல இருக்கு, திருத்திட்டு அனுப்பு” என்று அவர் எழுதினால், “சரிங்க சார், திருத்திட்டு அனுப்பிடறேன்” என்று எழுதுங்கள்.